ஆறு பேர், இரண்டு சீட்டு, ஒரு நிச்சயதார்த்தம்: 2024 மே மாத விதிகளின்படி, பயணத்தைத் தள்ளிவைத்தால் எவ்வளவு பணம் திரும்ப வந்தது?

3 மே 2024, மாலை. காட்பாடி வாசி

மே 11 சனிக்கிழமை இரவு, காட்பாடியிலிருந்து திருவனந்தபுரத்திற்கு நாங்கள் ஆறு பேர் செல்வதாக இருந்தோம். என் பெற்றோர், நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அங்கிருந்து கன்னியாகுமரி, பிறகு மே 16 அன்று திரும்புதல். பிப்ரவரியிலேயே முன்பதிவு செய்து முடித்துவிட்டேன். நேற்று மைத்துனரின் மகளுக்கு மே 12 ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாகிவிட்டது. பெண் வீட்டார் என்ற முறையில் முன்னால் நிற்க வேண்டிய குடும்பம் நாங்கள், மறுப்பதற்கு வழியில்லை. எனவே மே 25 சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க நினைக்கிறோம்.

என்னிடம் இரண்டு வகைச் சீட்டுகள் உள்ளன. போகும் சீட்டை நானே ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்தேன்; மூன்றடுக்கு ஏசி, ஆறு பேருக்கும் ஒரே PNR. திரும்பும் சீட்டை அப்பா காட்பாடி சந்திப்பின் முன்பதிவு மையத்தில் வரிசையில் நின்று எடுத்தார். அதில் ஆறு பேருக்கும் இடம் உறுதி. கட்டணத்தை ஒருவருக்கு 1,100 ரூபாய், அதன்மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி 55 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும் பயணத்திற்கு மட்டும் 6,930 ரூபாய். இதில் எவ்வளவு போகும்? தேதியை மட்டும் மாற்றிக்கொள்ள வழி உண்டா?

3 மே, இரவு. குடியாத்தம் மாப்பிள்ளை

தேதி மாற்றும் வசதி இருக்கிறது, அண்ணா. என் சித்தப்பா மாற்றியிருக்கிறார். தளத்தில் உள்ளே சென்று தேடிப் பாருங்கள். ரத்து செய்தால் நான்கில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

3 மே, இரவு. பழைய கவுன்டர்

முன்பதிவு மையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பொறுமையாகவே சொல்கிறேன். தம்பி சொன்னதில் இரண்டு செய்திகள் கலந்துவிட்டன.

தேதி மாற்றம் என்பது கவுன்டரில் எடுத்த சீட்டுக்கு மட்டும் உள்ள வசதி. வண்டி புறப்பட 48 மணி நேரத்திற்கு முன்பாக அந்தச் சீட்டை முன்பதிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறைதான் மாற்றித் தருவார்கள். தளத்தில் எடுத்த சீட்டுக்கு இந்த வசதி கிடையாது. நாள் முழுவதும் தேடினாலும் பொத்தான் கிடைக்காது. சித்தப்பா மாற்றியது கவுன்டர் சீட்டாகத்தான் இருக்க வேண்டும்.

நான்கில் ஒரு பங்கு என்பதும் எப்போதும் அல்ல. உறுதியான சீட்டை 48 மணி நேரத்திற்கு முன்பே ரத்து செய்தால் நிலையான தொகை மட்டும் பிடிப்பார்கள்; மூன்றடுக்கு ஏசியில் அது ஒருவருக்கு 180 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். 48 மணி நேரத்திற்கும் 12 மணி நேரத்திற்கும் இடையில் என்றால்தான் கட்டணத்தில் 25 சதவீதம். 12 மணியிலிருந்து 4 மணி நேரம் வரை பாதி. நான்கு மணி நேரத்திற்குள் வந்துவிட்டால் ஒன்றும் திரும்ப வராது.

காட்பாடி வாசி, ஒரு கேள்வி. தளத்தில் எடுத்த சீட்டில் ஆறு பேருக்கும் உறுதியா? இதற்கு விடை தெரியாமல் யாரும் கணக்குப் போட வேண்டாம்.

4 மே, காலை. காட்பாடி வாசி

ஐயா கேட்ட பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். நான்கு பேருக்கு CNF, அதாவது உறுதி; இரண்டு பேருக்கு RAC, அதாவது படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம். அந்த இரண்டு பேர் என் பெற்றோர். அதனால்தான் பிப்ரவரியிலிருந்தே அம்மா இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஆறும் உறுதியாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று நானே கணக்குப் போட்டேன். ஒருவருக்கு 180 ரூபாயும் ஜிஎஸ்டி 9 ரூபாயும் சேர்ந்து 189. ஆறு பேருக்கு 1,134 ரூபாய். மே 9 இரவு ஒன்பதரை மணியைத் தாண்டிவிட்டால் ஒருவருக்கு 275 ரூபாயும் ஜிஎஸ்டியுமாக ஆறு பேருக்கு ஏறத்தாழ 1,730. பயணத்தன்று காலைக்கு மேல் தூங்கிவிட்டால் 3,465. நாட்கள் இருக்கும்போதே விழித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

4 மே, காலை. பழைய கவுன்டர்

உங்கள் சீட்டுக்கு அந்த 1,134 ரூபாய்க் கணக்கே பொருந்தாது. ஒரே சீட்டில் சிலருக்கு உறுதி, சிலருக்கு RAC அல்லது காத்திருப்பு என்று இருந்தால், மொத்தச் சீட்டையும் சேர்த்து ரத்து செய்யும்போது உறுதியானவர்களுக்கும் முழுக் கட்டணம் திரும்ப வரும். எழுத்தர் கட்டணம் மட்டுமே கழியும். ஒருவருக்கு 60 ரூபாயும், ஏசி என்பதால் 3 ரூபாய் ஜிஎஸ்டியும். ஆறு பேருக்கு 378 ரூபாய். வண்டி புறப்பட அரை மணி நேரத்திற்கு முன்பு வரை இந்த விதி செல்லும். கவுன்டருக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு இது தெரியாது. நான்கு பேருக்கு உறுதி என்று பார்த்ததும் நஷ்டக் கணக்கை மனத்துக்குள் போட்டுக்கொண்டு வருவார்கள்.

4 மே, நண்பகல். குடியாத்தம் மாப்பிள்ளை

அப்படியானால் அவசரமே இல்லையே! 11 ஆம் தேதி மாலை வரை காத்திருங்கள், அண்ணா. நிச்சயதார்த்தம் ஏதாவது காரணத்தால் தள்ளிப்போனாலும் போகலாம்; அப்போது சீட்டு கையில் இருக்கும். போன ஆண்டு நான் பயணிகள் பட்டியல் தயாராகும் வரை காத்திருந்தேன். மொத்தப் பணமும் வந்தது.

4 மே, நண்பகல். காட்பாடி வாசி

நிச்சயதார்த்தம் தள்ளிப்போக வேண்டும் என்று என் மனைவியின் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். ஆனால் இந்த யோசனையில் எனக்கும் சிறிது ஆசை வந்துவிட்டது. 378 ரூபாய்தான் என்றால் ஒரு வாரம் பார்க்கலாமே.

4 மே, மாலை. பழைய கவுன்டர்

பார்க்கக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

RAC என்பது நின்ற இடத்திலேயே நிற்கும் நிலை அல்ல. வேறு யாரோ ஒருவர் தன் உறுதியான படுக்கையை ரத்து செய்தால் உங்கள் அப்பாவுக்கு அது வந்துவிடும்; இன்னொருவர் ரத்து செய்தால் அம்மாவுக்கு. அந்த நொடியில் ஆறு பேருக்கும் உறுதியாகிவிடும். 378 ரூபாய்ச் சலுகை போய், 1,134 ரூபாய்க் கணக்கு வந்துவிடும். மே 9 இரவுக்குப் பிறகு அது நடந்தால் 25 சதவீதம். பட்டியல் தயாராகும்போது நடந்தால் இன்னும் மோசம், ஏனெனில் பட்டியல் பொதுவாக வண்டி புறப்பட நான்கு மணி நேரத்திற்கு முன்புதான் வரும். அப்போது உறுதியானால் திரும்ப வருவதற்குப் பணமே இல்லை. கோடை விடுமுறையில் கடைசி மூன்று நாட்களில்தான் ரத்துகள் குவியும். அதாவது, இடம் வேண்டும் என்பவருக்கு நல்ல செய்தியாக வருவதே, வேண்டாம் என்பவருக்கு நஷ்டமாக வரும்.

தம்பி காத்திருந்து பணம் வாங்கியது உண்மையாக இருக்கலாம். அவருடைய காத்திருப்பு எண் பெரிதாக இருந்திருக்கும், கடைசிவரை நகர்ந்திருக்காது.

4 மே, இரவு. குடியாத்தம் மாப்பிள்ளை

ஆமாம், காத்திருப்பு 94. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வேறொரு வழி தோன்றுகிறது. RAC உள்ள பெற்றோர் இருவரை மட்டும் இன்று ரத்து செய்துவிட்டு, மீதி நான்கு பேரை நிதானமாகப் பார்க்கலாம் அல்லவா? குறைந்தது பாதி வேலை முடியும்.

4 மே, இரவு. பழைய கவுன்டர்

தம்பி, அதைச் செய்தால் எஞ்சிய சீட்டில் நான்கு பேரும் உறுதியானவர்கள். கலந்த சீட்டாக இருந்ததை நாமே உடைத்து, உறுதியான சீட்டாக மாற்றிக் கொடுத்தது போல் ஆகிவிடும். பெற்றோருக்கு 126 ரூபாய், மற்ற நால்வருக்கு 756 ரூபாய். 378 ரூபாயில் முடிய வேண்டியது 882 ஆகும். ரத்து செய்யும் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்கும். ஆறையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும்.

5 மே, காலை. ராணிப்பேட்டைப் பெண்

விமானச் சீட்டுக்கும் இதே 48 மணி நேர விதிதானா? ஜூன் மாதம் சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு நான்கு பேருக்கு எடுத்திருக்கிறேன். "திரும்பப் பெற முடியாதது" என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு ரூபாயும் வராது என்று நினைத்து, அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

5 மே, காலை. பழைய கவுன்டர்

விமானம் என் துறை அல்ல, அம்மா. என் மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டு எழுதுகிறேன்.

5 மே, மாலை. பழைய கவுன்டர்

மகள் சொன்னது இதுதான். ரயிலின் மணிக்கணக்கு விமானத்திற்குப் பொருந்தாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கட்டணம் வைத்திருக்கும். ஆனால் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் "திரும்பப் பெற முடியாத" சீட்டிலும் திரும்ப வர வேண்டும். கேட்காவிட்டால் சிலர் தருவதில்லை. சீட்டின் கட்டண விவரத்தில் அந்த வரிகள் தனித்தனியாக இருக்கும், கூட்டிப் பாருங்கள். தேதி மாற்றினால் மாற்றுக் கட்டணத்தோடு அன்றைய விலை வேறுபாட்டையும் கேட்பார்கள். பல நேரங்களில் அந்த வேறுபாடுதான் பெரிதாக இருக்கும். முன்பதிவு செய்து 24 மணி நேரத்திற்குள் இலவசமாக ரத்து செய்யும் விதி ஒன்றும் உண்டு. பயணத்திற்குக் குறைந்தது ஏழு நாட்கள் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் கடந்திருக்கும்.

5 மே, இரவு 8 மணி. காட்பாடி வாசி

கதை கொஞ்சம் நெருக்கடியாகிவிட்டது. இன்று காலை பார்த்தபோது அப்பாவின் பெயருக்கு எதிரே RAC போய் CNF வந்திருந்தது. அம்மா மட்டும்தான் RAC. வியர்த்துவிட்டது, அக்னி நட்சத்திரம் நேற்றே தொடங்கிவிட்டதால் வியர்வைக்கு வேறு காரணமும் இருக்கலாம். அம்மாவின் பெயரும் மாறுவதற்கு ஒரே ஒரு மனிதர் ரத்து செய்தால் போதும்.

ஆனால் உடனே ரத்து செய்யவில்லை. மே 25 சீட்டை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதே வண்டியில் மூன்றடுக்கு ஏசியில் காத்திருப்பு 19 முதல் 24 வரை கிடைத்தது. எடுத்துவிட்டேன். பழைய சீட்டின் பணம் வரும் முன்பே இன்னொரு ஏழாயிரம் ரூபாய் கையிலிருந்து போனது. மாதத் தொடக்கம் என்பதால் முடிந்தது. பிறகு பழைய சீட்டைத் திறந்து, ஆறு கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, இருமுறை எண்ணிப் பார்த்து, ரத்து செய்தேன். திரும்ப வரும் தொகை 6,552 ரூபாய் என்று திரை காட்டியது. 6,930இலிருந்து 378 கழித்தால் அதுதான்.

ஐஆர்சிடிசியின் வசதிக் கட்டணம் தனிக் கணக்கு. அட்டையில் செலுத்தினேன், 30 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 35.40. அது திரும்ப வராது, புதிய சீட்டுக்கும் ஒருமுறை கொடுத்தாகிவிட்டது. யுபிஐ வழியாகக் கொடுத்திருந்தால் 23.60 தான் என்று இப்போது தெரிகிறது.

5 மே, இரவு. குடியாத்தம் மாப்பிள்ளை

பழைய சீட்டை வீணாக்காமல் உங்கள் மைத்துனர் குடும்பத்துக்குப் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கலாமே, அண்ணா. இருபத்துநான்கு மணி நேரத்திற்கு முன்பு எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்.

6 மே, காலை. பழைய கவுன்டர்

நேரம் சரி, ஆள் தவறு. தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி ஆகியோருக்குத்தான் மாற்ற முடியும். ரயில்வேயின் கண்ணில் மைத்துனர் உறவே இல்லை. மைத்துனர் குடும்பமே நிச்சயதார்த்த வீடு என்பது வேறு விஷயம். அவர்கள் அன்று எங்கே கிளம்புவது?

6 மே, பிற்பகல். ஆம்பூர் வியாபாரி

எங்கள் கதையைக் கேளுங்கள். நான் தளத்தில் எடுப்பதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முகவரிடம் எடுப்பேன். ஏப்ரலில் ஐந்து பேர் பயணத்தை ரத்து செய்யச் சொன்னேன். பாதிப் பணம்தான் வந்தது என்று சொல்லி, கையில் எண்ணிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். இங்கே படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது. பயணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன்பே ரத்து செய்யச் சொன்னேன். எல்லாருக்கும் உறுதியான சீட்டு.

6 மே, மாலை. பழைய கவுன்டர்

பத்து நாட்களுக்கு முன்பு என்றால் பாதி போகாது, நிலையான தொகைதான். முகவர் வழியாக எடுத்த சீட்டை ரத்து செய்தால் உங்கள் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அதில் எவ்வளவு பணம் திரும்புகிறது என்பதும் ஒரு OTP எண்ணும் இருக்கும். பணத்தை உங்களுக்குக் கொடுத்த பிறகு அந்த எண்ணை வாங்கிக்கொள்வதுதான் முகவருக்கு முறை. சீட்டு எடுக்கும்போது உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்தீர்களா, அல்லது அவருடைய எண்ணையே போட்டுவிட்டாரா?

6 மே, இரவு. ஆம்பூர் வியாபாரி

எண்ணை அவரே போட்டுக்கொண்டார். எந்தக் குறுஞ்செய்தியும் எனக்கு வரவில்லை. நாளை போய்க் கேட்கிறேன். அவர் என் வாடிக்கையாளரும்கூட, அதுதான் சங்கடம்.

8 மே, மாலை. காட்பாடி வாசி

திரும்பும் சீட்டின் கதை. அப்பாவை அழைத்துக்கொண்டு காலையில் காட்பாடி முன்பதிவு மையத்துக்குச் சென்றேன். மே 16 வண்டி என்பதால் 48 மணி நேரத்திற்குத் தாராளமாக நேரம் இருந்தது. அசல் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார் அப்பா. அதைக் கொடுத்துவிட வேண்டும் என்றதும் அவருக்கு மனமே வரவில்லை.

மே 30 அன்று இடமில்லை. மே 31 வெள்ளிக்கிழமை ஆறு பேருக்கும் உறுதியாகக் கிடைத்தது. ரத்துக் கட்டணம் எதுவும் பிடிக்கவில்லை. முன்பதிவுக் கட்டணத்தை மட்டும் புதிதாக வாங்கினார்கள். இதையும் தளத்தில் எடுத்திருந்தால், ஆறும் உறுதி என்பதால், 1,134 ரூபாய் போயிருக்கும். "வரிசையில் நின்று எடுத்தால் கௌரவக் குறைச்சல் என்றாயே" என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தச் சீட்டை இனி ஒருமுறை மாற்ற முடியாது என்று கவுன்டரில் இருந்தவர் அழுத்திச் சொன்னார்.

கன்னியாகுமரி விடுதிக்குக் கொடுத்த மூவாயிரம் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். புதிய தேதிக்கு மாற்றி வைப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதால் அவர்களுக்கு லாபம்தான்.

9 மே, காலை. ராணிப்பேட்டைப் பெண்

நான்கு சீட்டுகளின் வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் கூட்டிப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட அதிகம் வருகிறது. ஆனாலும் ரத்து செய்யவில்லை. மாற்றுக் கட்டணமும் விலை வேறுபாடும் சேர்ந்து எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மாவை அழைத்துச் செல்வதாக மட்டும் முடிவாகியிருக்கிறது.

காட்பாடி வாசிக்கு ஒரு கேள்வி: அந்த 48 மணி நேரம் சென்னையில் வண்டி கிளம்பும் நேரத்திலிருந்தா, காட்பாடியில் கிளம்பும் நேரத்திலிருந்தா?

9 மே, நண்பகல். பழைய கவுன்டர்

இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் ரத்து செய்ய வேண்டிய நிலைக்கு வராதீர்கள். சென்னை நேரத்தை வைத்துக்கொண்டால் எந்த வாதத்துக்கும் இடமிருக்காது.

9 மே, இரவு. காட்பாடி வாசி

6,552 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. எந்த அட்டையில் செலுத்தினேனோ அதே அட்டைக்கு. நான்கு நாட்கள் ஆயின.

10 மே, காலை. ஆம்பூர் வியாபாரி

முகவரைப் பார்த்தேன். கணக்குப் புத்தகத்தைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். PNR எண்ணை நான் வைத்திருப்பதைப் பார்த்ததும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். இதுவரை தேநீர் மட்டும்தான் திரும்ப வந்திருக்கிறது.

20 மே, காலை. காட்பாடி வாசி

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. மே 25 சீட்டு இப்போது காத்திருப்பு 5 முதல் 10 வரை. தட்கலில் இன்னொரு சீட்டு எடுத்து வைக்கலாமா என்று மனைவி கேட்கிறாள்.

20 மே, காலை. பழைய கவுன்டர்

உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் ஒன்றும் திரும்ப வராது. பட்டியல் வரும்போது இந்தச் சீட்டும் உறுதியாகி, அதுவும் கையில் இருந்தால், ஒன்றின் பணம் முழுவதும் போகும். இது காத்திருப்பிலேயே நின்றுவிட்டால், பட்டியல் வந்ததும் தானாகவே ரத்தாகி, 378 ரூபாய் கழிந்து மீதி வரும். எந்த நஷ்டத்தைத் தாங்குவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் என்றால் காத்திருப்பேன். ஆனால் எனக்குச் சிறு பிள்ளைகள் இல்லை.

20 மே, மாலை. குடியாத்தம் மாப்பிள்ளை

நான் என்றால் தட்கல் எடுப்பேன். இந்த முறை ஐயாவோடு உடன்படவில்லை. பிள்ளைகளிடம் இரண்டாவது முறை "பயணம் இல்லை" என்று சொல்வதற்கு எந்த விதியிலும் கட்டணம் எழுதவில்லை.

25 மே, மாலை 6 மணி. காட்பாடி வாசி

தட்கல் எடுக்கவில்லை. நேற்று RAC 3 முதல் 8 வரை வந்திருந்தது. சற்றுமுன் பட்டியல் வந்துவிட்டது: B2 பெட்டியில் நால்வருக்குப் படுக்கை, B4 பெட்டியில் இருவருக்கு. B4 இல் இருப்பது அப்பாவும் அம்மாவும். இருவருக்கும் மேல் படுக்கை. வண்டியில் ஏறியதும் கீழ்ப் படுக்கைக்காரர் யாரையாவது கெஞ்ச வேண்டும். அம்மா இப்போதே முறுக்கு டப்பாவைக் கைப்பையின் மேலே எடுத்து வைத்துவிட்டார்.